ஸ்டுடியோ வாசல் வரை

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு பால்பாயின்ட் பேனா. எழுதுவதற்காக அதை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. திரையில் கேள்வி வாசிக்கப்பட்டு முடிந்ததும் கட்டைவிரலால் பேனாவின் தலையை டிக் டிக்கென்று அழுத்துகிறார். பதில் சொல்கிறார். அடுத்த கேள்விக்கு மறுபடியும் டிக் டிக். பக்கத்து அறையிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் ஏதோ ஆகிவிட்டது இவருக்கு என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவர் உலகின் மிகப் பழைய வினாடி வினா நிகழ்ச்சிகளில் ஒன்றின் ஆடிஷனில் இருக்கிறார். ஸ்டுடியோவில் இருக்கும் பஸ்ஸரையும் இப்படித்தான் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வீட்டில் பஸ்ஸருக்கு எங்கே போவது? அழுத்தினால் முனை வெளியே வருகிற பேனா ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நிகழ்ச்சியின் பெயர் ஜெப்பர்டி. அமெரிக்காவில் 1964-ல் மெர்வ் கிரிஃபின் தொடங்கியது. இப்போது ஓடுவது 1984-ல் புத்துயிர் பெற்ற வடிவம். நம் ஊரில் அமிதாப் பச்சனின் கோன் பனேகா குரோர்பதியும், சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும் எப்படியோ, அங்கே இது அப்படி வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். டிவியில் நாம் பார்ப்பது அரை மணி நேரம். அதற்குள் வந்து நிற்கும் மூன்று பேர் எப்படி அங்கே வந்தார்கள் என்பது தனிக் கதை. இந்த நிகழ்ச்சியைப் பொறுத்தவரை அது ஓரளவு வெளிப்படையாகவே தெரிந்த கதையும்கூட. போய் வந்தவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள்.

முதல் படி இணையத்தில் ஒரு தேர்வு. ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறை. ஓபரா ஒன்று, ஆறுகள் ஒன்று, பைபிள் ஒன்று, போன வருடப் பாட்டு ஒன்று என்று தாவிக்கொண்டே போகும். ஒரு கேள்விக்குப் பதினைந்து விநாடிதான். அதற்குள் படித்து, யோசித்து, பதிலைத் தட்டச்சு செய்துவிட வேண்டும். தெரியாததை இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும். அந்தப் பதினைந்து விநாடியின் கணக்கே அதுதான். தேர்வு முடிந்ததும் மதிப்பெண் சொல்ல மாட்டார்கள். தேறினீர்களா இல்லையா என்பதையும் சொல்ல மாட்டார்கள். ஐம்பதுக்கு முப்பத்தைந்து வாங்கினால் போதும் என்று எழுதியவர்கள் மத்தியில் காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. நிறுவனம் அதை ஒத்துக்கொண்டதில்லை.

முப்பத்தைந்து சரியோ இல்லையோ, வரம்பைத் தாண்டியவர்கள் எல்லாரையும் கூப்பிட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சீசனுக்குச் சுமார் 230 நிகழ்ச்சிகள். முந்தைய நாள் வென்றவர் தொடர்ந்து ஆடுவார் என்பதால் ஒரு நிகழ்ச்சிக்குப் புதியவர்கள் இரண்டு பேர்தான் தேவை. பழைய வெற்றியாளர்களுக்கான சிறப்புப் போட்டிகளைக் கழித்துவிட்டால் வருடத்துக்கு நானூறு பேரைச் சுற்றி வரும். தேர்வு எழுதுகிறவர்களோ பல்லாயிரம். அதனால் வரம்பைத் தாண்டியவர்களிடையே குலுக்கல் போட்டுத்தான் அடுத்த கட்டத்துக்கு அழைக்கிறார்கள். தேர்வில் முதலிடம் பிடித்தவருக்கு இங்கே எந்தத் தனி மரியாதையும் கிடையாது. வரம்பைத் தாண்டினால் தாண்டினதுதான். நாற்பத்தெட்டு வாங்கியவர் வீட்டில் காத்திருக்க, ஒட்டி உரசித் தேறியவருக்கு அழைப்பு வருவது சாதாரணம்.

அடுத்து இன்னொரு ஐம்பது கேள்வி. இந்த முறை காமிராவுக்கு முன்னால், நிகழ்ச்சி ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்க. முதல் தேர்வை எழுதியது நீங்கள்தானா, பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாரா என்பது இங்கே வெளுத்துவிடும். இதிலும் தேறினால்தான் அந்தப் பேனா விளையாட்டு. 2020-க்கு முன்பு இதெல்லாம் ஊர் ஊராக ஓட்டல் ஹால்களில் நடந்துகொண்டிருந்தது. பெருந்தொற்று வந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டது.

பேனா விளையாட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது ஒத்திகைப் போட்டி போலத்தான் தெரியும். தலைப்பைத் தேர்ந்தெடுப்பது, பதில் சொல்வது எல்லாம் அப்படியே நடக்கும். ஆனால் எத்தனை பதில் சரி என்பதை அங்கே யாரும் பெரிதாக எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அறிவைத்தான் ஏற்கெனவே இரண்டு முறை அளந்தாயிற்றே. இப்போது பார்ப்பது வேறு. குரல் அறையின் கடைசி வரைக்கும் கேட்கிறதா? பதில் சொன்ன கையோடு அடுத்த தலைப்பைக் கேட்கிறாரா, இல்லை ‘ம்ம்… எதை எடுக்கலாம்…’ என்று இழுக்கிறாரா? தப்பாகச் சொன்னால் முகம் தொங்கிப்போய் அடுத்த மூன்று கேள்விக்கு வாயே திறக்காமல் இருக்கிறாரா? நிகழ்ச்சியின் ஓட்டம் போட்டியாளர் கையில் இருக்கிறது. ஒருவர் மந்தமானால் எல்லாமே மந்தமாகும். தப்பாகச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி அடுத்ததுக்குப் பாய்கிறவரை அவர்களுக்குப் பிடிக்கும்.

அதோடு சிறிய நேர்காணல். முன்கூட்டியே ஒரு படிவம் கொடுத்து, உங்களைப் பற்றிச் சில சுவையான சம்பவங்களை எழுதச் சொல்வார்கள். நிகழ்ச்சியில் முதல் விளம்பர இடைவேளைக்குப் பிறகு தொகுப்பாளர் கையில் ஒரு அட்டையோடு போட்டியாளரிடம் பேசுவது இதை வைத்துத்தான். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். ‘எனக்குப் பயணம் செய்யப் பிடிக்கும்’ என்று எழுதினால் தொகுப்பாளர் அடுத்து என்ன கேட்பார்? ‘அப்படியா?’ என்பார். அவ்வளவுதான். ‘ராமேஸ்வரம் போகிற ரயிலில் ஏறுவதாக நினைத்துத் தூத்துக்குடி ரயிலில் ஏறி, எதிர் சீட்டில் இருந்தவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்’ என்று எழுதினால் கேள்வி தானாகப் பிறக்கும். முப்பது விநாடியில் தொடங்கி முடிந்து, கேட்பவர் ‘அப்புறம்?’ என்று கேட்க வைக்கிற சம்பவம்தான் அவர்களுக்கு வேண்டும். உங்கள் வாழ்க்கையின் பெரிய சாதனை அந்த அளவுக்கு உதவாது.

இத்தனையும் முடிந்தால் உங்கள் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அதில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட இருக்கலாம். போன் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2004-ல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்று 25 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிச் சென்று, இப்போது அதே நிகழ்ச்சியின் தொகுப்பாளராகவும் இருக்கும் கென் ஜென்னிங்ஸ், 2003-ல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து நண்பரோடு லாஸ் ஏஞ்சலஸ் வரை காரில் போய்த்தான் தேர்வு எழுதினார். அவருக்கே போன் வரப் பல மாதங்கள் ஆயின.

இவ்வளவு சுற்று எதற்கு? நன்றாகப் பதில் சொல்கிறவரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே? இதற்கு விடை 1955-ல் இருக்கிறது.

அந்த ஆண்டு ‘64,000 டாலர் கேள்வி’ என்ற நிகழ்ச்சி அமெரிக்காவையே டிவி முன்னால் உட்கார வைத்தது. அதை நடத்தியவர்கள் ஆள் எடுப்பதில் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கும் அறிவுக்கும் பொருத்தமே இருக்கக் கூடாது. இத்தாலிய ஓபரா தெரிந்த செருப்பு தைக்கும் தொழிலாளி. ஷேக்ஸ்பியர் தெரிந்த போலீஸ்காரர். சமையல் தெரிந்த மரைன் படை அதிகாரி. ஓபரா தெரிந்த பாட்டு வாத்தியாரை யார் பார்ப்பார்கள்? ஜாய்ஸ் பிரதர்ஸ் என்ற இளம் உளவியலாளர் விண்ணப்பித்தபோதும் இதே சூட்சுமம்தான் வேலை செய்தது. உளவியல் தெரிந்த உளவியலாளர் அவர்களுக்கு வேண்டாம். அந்த அம்மா குத்துச்சண்டையைத் தன் துறையாக எடுத்துக்கொண்டார். குத்துச்சண்டைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து 64,000 டாலரை வென்றார். ஆடிஷன் என்பது அறிவைத் தேடுவதோடு நிற்காமல் கதையைத் தேடுவதாகவும் ஆனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அதற்குள் ஒரு விஷம் இருந்தது. ஆடிஷனில் ஒருவரை மணிக்கணக்கில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது நடத்துகிறவர்களுக்குப் பட்டவர்த்தனமாகிவிடும். பிறகு விடையைச் சொல்லிக் கொடுக்கக்கூட வேண்டியதில்லை. ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்றால் அவர் ஆடிஷனில் சரியாகச் சொன்ன வட்டாரத்திலிருந்தே கேளுங்கள். தோற்க வேண்டுமென்றால் திணறிய வட்டாரத்துக்குப் போங்கள். போட்டியாளருக்கே தெரியாமல் இதைச் செய்யலாம். செய்தார்கள். ஜாய்ஸ் பிரதர்ஸையும் கஷ்டமான கேள்வி போட்டுத் தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று பிறகு தெரியவந்தது. அவர் புத்தகங்களை முழுசாகக் கரைத்துக் குடித்திருந்ததால் அது நடக்கவில்லை.

அடுத்த வருடம் வந்த ‘டுவென்டி ஒன்’ நிகழ்ச்சி அந்த நாசூக்கையும் விட்டுவிட்டது. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட, சுமார் மூன்றரை மணி நேரத் தேர்வை எழுதித்தான் உள்ளே போனார். நன்றாகவே எழுதினார். அதன் பிறகு அவர் வீட்டுக்கே வந்து கேள்வியையும் விடையையும் சொல்லிக் கொடுத்தார்கள். எப்போது முகத்தைத் துடைக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக் கொடுத்தார்கள். பார்வையாளர்களுக்கு அவர் சலித்தபோது தோற்கச் சொன்னார்கள். 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்பது கேள்வி. ‘மார்ட்டி’. அவருக்குப் பிடித்த படம் அது. தெரிந்தே வேறு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவரைத் தோற்கடித்த சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். 1960-ல், மக்களை ஏமாற்றும் நோக்கத்தோடு அறிவுப் போட்டியில் ரகசிய உதவி செய்வது அமெரிக்காவில் குற்றமென்று சட்டம் வந்தது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

அதன் பிறகு ஆடிஷன் என்பதன் முதல் விதியே மாறிவிட்டது. போட்டியாளரைத் தெரிந்தவர்களுக்குக் கேள்வி தெரியக் கூடாது. கேள்வி தெரிந்தவர்களுக்குப் போட்டியாளரைத் தெரியக் கூடாது. ஜெப்பர்டியில் ஆள் எடுக்கும் குழு தனி, கேள்வி எழுதும் குழு தனி. உங்கள் ரயில் கதையைப் படித்தவர் இன்று எந்தக் கேள்வி வரப்போகிறது என்று பார்த்திருக்க மாட்டார். கேள்வி எழுதியவருக்கு நீங்கள் உளவியலாளரா, குத்துச்சண்டைக்காரரா என்பது தெரியாது. ஷூட்டிங் நாளில் எந்தக் கேள்வித் தொகுப்பு எந்த ஆட்டத்துக்கு என்பதை இரண்டு குழுவையும் சேராத, விதிமுறைகளைக் கண்காணிக்கும் ஆட்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

போன் வரும்போதும் இதே அக்கறைதான். முதலில் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே சில கேள்விகள்: நிகழ்ச்சியில் வேலை செய்கிற யாரையாவது தெரியுமா? தயாரிப்பு நிறுவனத்தில், ஒளிபரப்பும் சேனலில் உறவினர் யாராவது உண்டா? சமீபத்தில் வேறு போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டீர்களா? தேர்தலில் நிற்கிறீர்களா? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் ஒரு வேட்பாளருக்கு டிவியில் நேரம் கொடுத்தால் எதிர் வேட்பாளருக்கும் அதே நேரம் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. வினாடி வினா அதற்கு விதிவிலக்கு இல்லை. இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் பொய் சொல்லி, பிறகு மாட்டிக்கொண்டால் வென்ற பணம் கைக்கு வராது.

ஷூட்டிங் நாளன்று ஐந்து நிகழ்ச்சிகளை ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். அதனால் வருகிறவர் மாற்று உடைகளோடு வர வேண்டும். வென்றால் அடுத்த ஆட்டம் ‘அடுத்த நாள்’ ஆகிவிடும் அல்லவா, அதே சட்டையோடு நிற்க முடியாது. பயணச் செலவு பெரும்பாலும் சொந்தச் செலவு. அன்று காலை வந்திருக்கும் போட்டியாளர்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் காத்திருப்பார்கள். அடுத்த ஆட்டத்தில் யார் என்பது ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் குலுக்கலில் வரும். யாரை யாரோடு மோதவிடலாம் என்று யாரும் திட்டமிட முடியாமல் போவதற்குத்தான் அது. காலை முழுக்க மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்து வயிற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் அதற்கு நன்றி சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம் ஊர்ப் பக்கம் வந்தால் சல்லடையின் வரிசையே தலைகீழ். கோன் பனேகா குரோர்பதியில் முதலில் டிவியில் அமிதாப் ஒரு கேள்வி கேட்பார். எஸ்.எம்.எஸ். மூலமோ செயலியிலோ பதில் அனுப்ப வேண்டும். கேள்வி பெரும்பாலும் யாருக்கும் தெரிந்த கேள்விதான். அது அறிவைச் சோதிக்க வந்த கேள்வியே இல்லை. பெயர் பதியும் சீட்டு. சரியான பதில் அனுப்பிய ஏராளமானவர்களிலிருந்து கம்ப்யூட்டர் குலுக்கிச் சிலரை எடுக்கும். அவர்களுக்குப் போனில் அழைப்பு. அதில்தான் உண்மையான பொது அறிவுக் கேள்விகள். அதைத் தாண்டினால் பொது அறிவுத் தேர்வும், காமிரா முன்னால் தன்னைப் பற்றிப் பேசும் வீடியோவும், கடைசியில் நேர்காணலும். 2020-ல் பெருந்தொற்றின்போது இந்தக் கட்டங்கள் எல்லாமே செயலியிலும் வீடியோ அழைப்பிலும் நடந்தன. அத்தனையும் கடந்து ஸ்டுடியோவுக்குப் போனாலும் அங்கே பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யார் வேகமாக விரலை வைக்கிறாரோ அவர்தான் ஹாட் சீட்டுக்கு. ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போய், அந்தப் பத்துப் பேரில் ஒருவராகவே உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நிறைய.

அங்கே அறிவு முதலில், குலுக்கல் பிறகு. இங்கே குலுக்கல் முதலில், அறிவு பிறகு. எது நியாயம் என்று கேட்டால், தேர்வு எழுதிப் பழகியவனுக்கு முதலாவது நியாயமாகப் படும். ஆனால் இரண்டாவதில் ஒரு நன்மை உண்டு: பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவருக்கும் போன் அடிக்கும். அந்த நிகழ்ச்சியின் கதைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அந்த வீடியோவிலும் நேர்காணலிலும் அவர்கள் தேடுவதும் கதைதான். வெல்லும் பணத்தை என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு ‘பேங்கில் போடுவேன்’ என்பது நல்ல பதில் இல்லை. ‘அப்பா அடகு வைத்த நிலத்தை மீட்பேன்’ என்பது நல்ல பதில். பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடகு வைத்த நிலம் உண்மையில் இருந்தால் அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள் என்கிறேன்.

இந்த முறையில் ஒரு தொல்லையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன் அழைப்பு என்பது உண்மையான ஒரு கட்டம் என்பதால் மோசடிக்காரர்களுக்கு அது தோதாகிவிட்டது. ‘கேபிசி லாட்டரியில் உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது’ என்று அமிதாப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. நீங்கள் பதிவே செய்யாத நிகழ்ச்சியில் உங்களுக்கு எப்படிப் பரிசு விழும் என்று யோசித்தாலே பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு இதை வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்: உண்மையான ஆடிஷன் குழு உங்களிடம் கேள்வி கேட்கும், கதை கேட்கும், அடையாள அட்டை கேட்கும். பதிவுக் கட்டணம், வரிப்பணம், ஓடிபி எதையும் கேட்காது. கேட்டால் போனை வைத்துவிட்டு 1930-க்குப் புகார் செய்யுங்கள்.